மேடவாக்கத்தில் 75 லட்சம் ஃபிளாட்டா, 22,000 வாடகையா? பத்து வருடக் கணக்கு

கேள்வி: நானும் கணவரும் ஓஎம்ஆரில் வேலை செய்கிறோம். கையில் வருவது அவருக்கு 80,000, எனக்கு 55,000. மேடவாக்கத்தில் 22,000 வாடகையில் டபுள் பெட்ரூம் ஃபிளாட்டில் இருக்கிறோம். நான்கு வருடத்தில் 18 லட்சம் சேர்த்திருக்கிறோம். வீடு வாங்கினால் என் அப்பா 8 லட்சம் தருவதாகச் சொல்கிறார். பக்கத்தில் கட்டி முடித்த புது ஃபிளாட் 75 லட்சம், 60 லட்சம் லோன் கிடைக்கும் என்கிறார்கள். "வாடகை கொடுப்பது வீண் காசு, லோன் போட்டால் வரியும் மிச்சம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதே தெருவில் 12 வருடப் பழைய ஃபிளாட் ஒன்றும் 55 லட்சத்துக்கு வருகிறது, ஆனால் பழையது என்பதால் மனம் வரவில்லை. இரண்டு வருடத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். பத்து வருடக் கணக்கில் எது லாபம்?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் வாடகையை மட்டும் வீண் காசு என்கிறார்கள். வங்கிக்குப் போகும் வட்டியை யாரும் அப்படிச் சொல்வதில்லை. திரும்பி வராத பணம் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். அதனால் முதலில் இரு பக்கமும் கையை விட்டுப் போகும் பணத்தை மட்டும் எழுதிப் பார்ப்போம். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை விட்டுவிடுகிறேன். வாடகைக்கு இருந்தாலும் சொந்தமாக இருந்தாலும் அதை நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள்.

வாடகைப் பக்கம் எளிது. 22,000 ரூபாய் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். பத்தாவது வருடம் அது 34,000 ஆகியிருக்கும், பத்து வருடத்தில் மொத்தம் சுமார் 33 லட்சம். இடையில் மூன்று முறை வீடு மாறினால் புரோக்கர் கமிஷன், லாரி, அட்வான்ஸில் பிடிக்கும் பெயிண்டிங் காசு எல்லாம் சேர்த்து இன்னொரு 2 லட்சம். ஆக 35 லட்சம் போகிறது.

இப்போது புது ஃபிளாட். 60 லட்சம் லோன், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ 52,069 ரூபாய். முதல் மாதம் அதில் 42,500 வட்டி, அசலில் கழிவது 9,569 மட்டும். பத்து வருடம் ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் 62.5 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதில் வட்டி மட்டும் 44.5 லட்சம். அசல் 18 லட்சம்தான் குறைந்திருக்கும், 42 லட்சம் பாக்கி நிற்கும். பாதிக் காலம் முடிந்தால் பாதிக் கடன் முடியும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் 70 சதவீதம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு மாத இஎம்ஐயிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று காட்டும் அமார்டைசேஷன் அட்டவணையை வங்கியில் கேளுங்கள், தருவார்கள். 120-வது வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வட்டியோடு மற்றதையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, முத்திரைத் தீர்வை 5 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உண்டு. உங்களுக்கு அது 5.25 லட்சம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி இல்லை, கட்டுமானத்தில் இருக்கும்போது வாங்கினால் இந்த விலைக்கு 5 சதவீதம் வரும். வங்கி பிராசசிங், வக்கீல், அடமானப் பத்திரப் பதிவு எல்லாவற்றுக்கும் 75,000 வையுங்கள். கப்போர்டு, மாடுலர் கிச்சன், கிரில், ஃபேன் என்று குடி போவதற்குள் 5 லட்சம் ஆகிவிடும். பத்து வருடம் கழித்து வாங்குபவர் அந்த மரவேலைக்குப் பெரிதாக விலை தர மாட்டார். சொத்து வரி, இரண்டு முறை பெயிண்ட், லிஃப்ட் அல்லது மோட்டார் மாற்றும்போது உங்கள் பங்கு எல்லாம் பத்து வருடத்தில் 4 லட்சம். வட்டியோடு கூட்டினால் 59.5 லட்சம்.

வாடகையில் 35 லட்சம், சொந்த வீட்டில் 59.5 லட்சம். ஆகவே வாடகைதான் வீண் என்ற வாதம் இந்த ஃபிளாட்டுக்குப் பொருந்தாது. காரணம் விலைக்கும் வாடகைக்கும் உள்ள தூரம். வருட வாடகை 2.64 லட்சம், விலை 75 லட்சம், அதாவது விலையில் மூன்றரை சதவீதம். நீங்கள் கடன் வாங்கப்போவதோ எட்டரை சதவீதத்துக்கு. இந்த ஐந்து சதவீத இடைவெளியை வீட்டின் விலையேற்றம் ஈடுகட்டினால்தான் வாங்கியது லாபம்.

சரி, வரி மிச்சம்? உங்கள் இருவருக்கும் அது பூஜ்யம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவோடு 12.75 லட்சம் வரை. நீங்கள் சொன்ன சம்பளத்தில் இருவரும் தனித்தனியாக அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள். கட்டாத வரியை மிச்சம் பிடிக்க முடியாது. புதிய முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் லோன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. பழைய முறையில் ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவு இருப்பது உண்மை, ஆனால் அதற்காகப் பழைய முறைக்குப் போனால் இப்போது கட்டாத வரியைக் கட்டத் தொடங்குவீர்கள். லோன் ஏஜென்ட் காட்டும் தாளில் வரிச் சேமிப்பு என்று ஒரு தொகை இருக்கும். அதை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

போன பணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. பத்து வருடம் கழித்து உங்கள் கையில் என்ன இருக்கும் என்பதுதான் சரியான கேள்வி. புது ஃபிளாட்டுக்கு முதல் நாளே 15 லட்சம் முன்பணம், பதிவு, வங்கிச் செலவு, மரவேலை எல்லாம் சேர்த்து 26 லட்சம் போகிறது. அது உங்கள் 18, அப்பாவின் 8, இரண்டும் முழுவதும். அதன்பின் மாதம் இஎம்ஐயும், சொத்து வரி, பெயிண்ட் வகையில் சொன்ன 4 லட்சத்தின் மாதச் சராசரியும் சேர்த்து 55,400. வாடகைக்கு இருந்தால் முதல் வருடம் வீடு மாறும் செலவையும் சேர்த்து 23,700. வித்தியாசம் மாதம் 31,700. வாடகை ஏற ஏற அது சுருங்கி, பத்தாவது வருடத்தில் 19,600 ஆகும்.

அந்த 26 லட்சத்தையும், மாதா மாதம் வரும் இந்த வித்தியாசத்தையும் பாதி பிபிஎஃப், ஃபிக்சட் டெபாசிட்டிலும் பாதி இண்டெக்ஸ் ஃபண்டிலும் போட்டு, சராசரி 8 சதவீதம் வந்தால் பத்து வருட முடிவில் சுமார் 1 கோடியே 5 லட்சம் இருக்கும். ஃபிளாட் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 1 கோடியே 22 லட்சத்துக்கு விற்கும். புரோக்கருக்கு 2 சதவீதம் போய், லோன் பாக்கி 42 லட்சத்தையும் அடைத்தால் உங்களுக்கு நிற்பது 78 லட்சம். விற்ற லாபத்துக்கு வரும் மூலதன ஆதாய வரியை நான் கழிக்கவில்லை, ஃபண்டின் லாபத்துக்கு வரும் வரியைத் தனியாகக் காட்டவும் இல்லை. இரண்டையும் சேர்த்தாலும் முடிவு மாறாது. வாடகைப் பக்கம் சுமார் 27 லட்சம் முன்னால் நிற்கிறது. ஃபிளாட் வருடத்துக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால்தான் இரண்டும் சமம். எல்லாப் பணத்தையும் பாதுகாப்பாக வைத்து உங்களுக்கு 6 சதவீதம்தான் கிடைத்தது என்றாலும் ஃபிளாட் 6 சதவீதம் ஏற வேண்டும்.

அப்பாவின் 8 லட்சம் பற்றி ஒரு வார்த்தை. வீடு வாங்கினால்தான் தருவார் என்பதால் அதை வாடகைப் பக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் சேர்த்தே போட்டேன். நீங்கள் வாங்காவிட்டால் அது அவர் பெயரில் அவர் கணக்கில் இருக்கிறது, காணாமல் போவதில்லை. அதை நீக்கிப் பார்த்தாலும் வாடகைப் பக்கம் 87 லட்சம் வருகிறது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. மாத வித்தியாசத்தை நீங்கள் உண்மையிலேயே எடுத்து வைக்க வேண்டும். அதில் பாதியை மட்டும் சேமித்து மீதியைச் செலவு செய்தால் 1.05 கோடி 80 லட்சமாக இறங்கிவிடும், ஃபிளாட் தரும் 78 லட்சத்தோடு கிட்டத்தட்டச் சமம். வீட்டுக் கடனின் ஒரே உண்மையான பலம் இதுதான், பிடித்து வைத்துச் சேமிக்க வைக்கிறது. நான்கு வருடத்தில் 18 லட்சம் என்றால் நீங்கள் மாதம் 37,500 சேர்த்திருக்கிறீர்கள். கட்டாயப்படுத்தினால்தான் சேமிப்பார்கள் என்ற வகை நீங்கள் இல்லை. குழந்தை வந்த பிறகும் இந்த வேகம் நிற்குமா என்பதை மட்டும் நான் சந்தேகப்படுவேன். அப்போது பாதியாகக் குறைவது இயல்பு.

அடுத்து, அந்த 5 சதவீத விலையேற்றம் எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் விலை ஏறுவது நிலம், கட்டடம் தேய்கிறது. உங்கள் பத்திரத்தில் நிலத்தில் எத்தனை சதுர அடி உங்கள் பாகம் என்று எழுதியிருக்கும், யூடிஎஸ் என்பார்கள். ஒரு எடுத்துக்காட்டுக்கு அந்தப் பகுதி மனை சதுர அடி 7,000 என்று வைப்போம். தரைத்தளம் போக மூன்று மாடிக் கட்டடத்தில் உங்கள் பாகம் 450 சதுர அடி என்றால், 75 லட்சத்தில் நிலம் 31.5 லட்சம். பல மாடிக் கட்டடத்தில் அதே அளவு ஃபிளாட்டுக்குப் பாகம் 250 சதுர அடிதான் வரும், அப்போது நிலம் 17.5 லட்சம். கட்டடத்தின் தேய்மானத்தையும் கட்டுமானச் செலவு ஏறுவதையும் ஒன்றுக்கொன்று கழித்து, கட்டடத்தின் மதிப்பு அப்படியே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினாலும், முதல் ஃபிளாட் மொத்தத்தில் 4 சதவீதம்தான் ஏறும். இரண்டாவது இரண்டரை சதவீதம் கூட வராது. 'மேடவாக்கத்தில் மனை விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது' என்பது உங்கள் ஃபிளாட்டைப் பற்றிய செய்தி அல்ல. பில்டரிடம் நீச்சல் குளம் பற்றிக் கேட்பதற்கு முன் யூடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இனி நீங்கள் ஒதுக்கிவிட்ட பழைய ஃபிளாட்டுக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் கடிதத்திலேயே நல்ல வாய்ப்பு அதுதான். 55 லட்சத்தில் 40 லட்சம் லோன் என்றால் இஎம்ஐ 34,700. மறு விற்பனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவும் சேர்ந்து 9 சதவீதம், புதியதை விட 2 சதவீதம் கூடுதல், சுமார் 5 லட்சம் வரும். அரசின் வழிகாட்டி மதிப்பு பேசிய விலையை விட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கிடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள். சின்னச் சின்ன வேலைகளுக்கும் வங்கிச் செலவுக்கும் 3 லட்சம். முதல் நாள் தேவை 23 லட்சம். பழைய கட்டடம் என்பதால் சொத்து வரி, பெயிண்ட், லிஃப்ட் வகைச் செலவை மாதம் 4,000 என்று கூட்டி வைக்கிறேன்.

மேலே செய்த அதே கணக்கை இதற்குப் போட்டால், வாடகைக்கு இருந்து 8 சதவீதத்தில் சேமித்தவர் கையில் பத்து வருடத்தில் 68 லட்சம். ஃபிளாட் 5 சதவீதம் ஏறி, விற்றுக் கடனை அடைத்தவர் கையில் 60 லட்சம். வித்தியாசம் 27 லட்சத்திலிருந்து 8 லட்சமாகிவிட்டது. சேமிப்பில் 6 சதவீதம்தான் வரும் என்றால் வீடு வாங்கியவர் சற்று முன்னால் போகிறார். பத்து வருடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லாமல், குழந்தையின் பள்ளியை மாற்றாமல் இருப்பதற்கு 8 லட்சம் என்பது நியாயமான விலை என்று நான் சொல்வேன். 27 லட்சத்தை அப்படிச் சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது உங்கள் குழந்தைத் திட்டம். பிரசவ விடுப்பில் சட்டப்படி 26 வாரம் சம்பளம் வரலாம். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வருடம் வீட்டில் இருக்க விரும்பினால் 80,000 ரூபாயில் குடும்பம் ஓட வேண்டும். புது ஃபிளாட் என்றால் அதில் 55,000 வீட்டுக்கே போய்விடும். கையிருப்பும் இருக்காது, 26 லட்சமும் முதல் நாளே தீர்ந்துவிட்டது. பழையதில் 39,000 போகும், கையில் 3 லட்சம் மிஞ்சியிருக்கும். இறுக்கம்தான், ஆனால் மூச்சு விடலாம்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். இப்போது வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியில், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை. வட்டி உயர்ந்தால் வங்கிகள் வழக்கமாக இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டுகின்றன. எட்டரை ஒன்பதரை ஆனால் உங்கள் 240 மாதம் ஏறக்குறைய 309 மாதம் ஆகும். உங்களுக்குத் தெரியாமலே கிட்டத்தட்ட ஆறு வருடம் கூடிவிடும். வட்டி மாறியதும் வரும் குறுஞ்செய்தியில் இஎம்ஐ எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் மீதி எத்தனை தவணை என்று பாருங்கள். தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. 75 லட்சம் ஃபிளாட்டை விடுங்கள். பழையதை நேரில் போய்ப் பாருங்கள். பத்திரத்தில் நிலப் பாகம் 400 சதுர அடிக்கு மேல் இருக்கிறதா, அனுமதி வாங்கிய வரைபடத்துக்கும் கட்டிய கட்டடத்துக்கும் மாடி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சரியில்லை என்றால் வங்கியே மதிப்பைக் குறைத்துவிடும், லோன் 40 வராமல் 30-இல் நிற்கும். 30 வருட வில்லங்கச் சான்றை வக்கீல் பார்க்கட்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக, உங்களுக்குத் தனியாக ஒருவரை வையுங்கள். மேல் மாடி என்றால் மழை நாளில் போய் சீலிங்கில் ஈரம் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்க் கடைக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு அருகில் இந்தக் கேள்விக்கு விலையில் பல லட்சம் வித்தியாசம் உண்டு. அசோசியேஷனிடம் கையிருப்பு நிதி எவ்வளவு, லிஃப்ட் எந்த வருடத்தது என்றும் கேளுங்கள். நிதி இல்லாமல் லிஃப்ட் பழையதாக இருந்தால் அந்தச் செலவில் உங்கள் பங்கை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

இவற்றில் எதுவும் திருப்தியாக இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். அடுத்த மாதம் முதல் வாடகை போக 31,700 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே தனி ரெக்கரிங் டெபாசிட்டுக்குப் போகும்படி வையுங்கள். ஒன்றரை வருடம் அதைத் தொடாமல் இருந்தால் 6 லட்சம் சேரும், 75 லட்ச வீட்டின் இஎம்ஐ உங்கள் குடும்பத்தை எவ்வளவு அழுத்தும் என்பதும் கடன் வாங்காமலே தெரிந்துவிடும். நடுவில் இரண்டு முறை உடைக்க வேண்டி வந்தால் 60 லட்சம் லோன் உங்களுக்கு அதிகம். பழைய ஃபிளாட்டுக்கு விலை பேசுவதானால் 52 லட்சத்தில் தொடங்குங்கள், அட்வான்ஸ் கொடுக்குமுன் பத்திர நகலை வாங்கி உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.